இன்ட்ரோவையும் ரீகேப்பையும் கண்டுபிடிக்கும்போது, யார் தாண்டுகிறார்கள் என்று எண்ணும்போது நேரும் தவறுகள்

ஒரு தொடரின் எல்லா எபிசோடுகளிலும் திரும்பத் திரும்ப வரும் டைட்டில் பகுதியை நிரல் வைத்துக் கண்டுபிடிப்பது இன்று பெரிய வித்தை இல்லை. அதைப் பார்ப்பவர்கள் தாண்டிப் போகிறார்களா என்று எண்ணுவதும் சுலபம்போலத் தெரியும். ஆனால் முதல் வேலையில் விடுகிற பிழை இரண்டாவது வேலையின் எண்ணில் போய் ஒளிந்துகொள்கிறது. எல்லை எட்டு வினாடி தப்பினால், தாண்டியவர் தாண்டாதவராகக் கணக்கில் ஏறுவார். அதனால் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அடிப்படை. பரவலாகப் புழங்கும் முறை ஒலிக் கைரேகை. குரோமாபிரிண்ட் என்ற திறமூல நூலகம் ஒலியைச் சுமார் 0.124 வினாடிக்கு ஒரு 32 பிட் எண்ணாக மாற்றித் தரும். எபிசோடின் முதல் பத்து நிமிடம் பெரும்பாலும் போதும்.

```
ffmpeg -i ep05.mkv -t 600 -vn -ac 2 -f chromaprint -fp_format raw ep05.fp
```

இரண்டு எபிசோடுகளின் எண்வரிசைகளை ஒன்றின்மேல் ஒன்று நகர்த்திப் பார்க்கிறோம். ஒரு குறிப்பிட்ட நகர்வில், இரண்டு எண்களுக்கும் இடையே மாறுபடும் பிட்டுகள் ஆறுக்குள் இருந்து, அந்த நிலை தொடர்ந்து நீடித்தால், அங்கே ஒரே ஒலி ஓடுகிறது என்று பொருள். தொடர்பே இல்லாத ஒலிகளில் சராசரியாகப் பாதிப் பிட்டுகள், அதாவது 16 அளவுக்கு மாறும். ஆறு என்ற வரம்பு அதிலிருந்து நன்றாகவே விலகி நிற்கிறது.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். பத்து எபிசோடு தொடர், 42 வினாடி இன்ட்ரோ. இரண்டாம் எபிசோடில் அது 95-ஆவது வினாடியில் தொடங்குகிறது. ஐந்தாம் எபிசோடில் ஒரு நீளமான முன்காட்சிக்குப் பிறகு 212.4-ஆவது வினாடியில்தான் வருகிறது. வித்தியாசம் 117.4 வினாடி, கைரேகைக் கணக்கில் சுமார் 948 எண்கள். அந்த நகர்வில் ஏறக்குறைய 339 எண்கள் வரிசையாகப் பொருந்தும். இதுதான் நாம் தேடும் தடயம்.

இங்கே நிறையப் பேர் செய்யும் தவறு, அடுத்தடுத்த இரண்டு எபிசோடுகளை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, கிடைத்த மிக நீளமான பொருத்தத்தை இன்ட்ரோ என்று முடிவு செய்வது. நிசப்தம் நிசப்தத்தோடு அருமையாகப் பொருந்தும். சோகக் காட்சிக்கு அதே பின்னணி இசையை இரண்டு எபிசோடுகளில் போட்டிருந்தால் அதுவும் பொருந்தும். தயாரிப்பு நிறுவனத்தின் லோகோ ஒலி இன்ட்ரோவோடு ஒட்டிக்கொண்டு வந்து தொடக்கத்தை முன்னால் இழுத்துவிடும். பத்து எபிசோடு என்றால் மொத்தம் 45 ஜோடிகள்தான். எல்லாவற்றையும் ஒப்பிட்டு, பெரும்பாலான எபிசோடுகள் ஒத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அமைதியான பகுதிகளை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள். அப்புறம், ஏதாவது ஒரு எபிசோடில் இன்ட்ரோவே இல்லை என்ற விடைக்கும் இடம் கொடுங்கள். முதல் எபிசோடில் டைட்டில் கடைசியில் வருவதும், இறுதி எபிசோடில் சுருக்கி வெட்டப்படுவதும் சாதாரணம். கட்டாயப்படுத்தித் தேடச் சொன்னால் நிரல் எதையாவது கொண்டுவந்து நீட்டும்.

அடுத்தது எல்லை. கைரேகை எண் ஒவ்வொன்றும் 0.124 வினாடிக்கு ஒருமுறை வந்தாலும், அது உருவாவது இரண்டு வினாடிக்கும் மேலான ஒலியைப் பார்த்துத்தான். எனவே பொருத்தம் நின்ற இடமே இன்ட்ரோ முடிந்த இடம் என்று பிட் கணக்காக நம்பக் கூடாது. ஓரங்கள் ஒன்றிரண்டு வினாடி கலங்கியே இருக்கும். டைட்டில் இசையின் வால் அடுத்த காட்சிமேல் வழிந்தால் கலக்கம் இன்னும் கூடும்: காதுக்கு இன்ட்ரோ ஓடிக்கொண்டிருக்கும், கண்ணுக்குக் கதை தொடங்கியிருக்கும். இதற்கு நல்ல மருந்து, ஒலி சொன்ன எல்லைக்குப் பக்கத்தில் கருப்புத் திரையையோ ஷாட் மாற்றத்தையோ தேடி அங்கே ஒட்டவைப்பது.

```
ffmpeg -ss 240 -i ep05.mkv -t 30 -vf "blackdetect=d=0.2:pix_th=0.10" -an -f null -
```

நம் ஐந்தாம் எபிசோடில் ஒலிப்படி முடிவு 254.4. இந்தக் கட்டளை `black_start:12.6` என்று காட்டினால் உண்மையான இடம் 252.6, `-ss` உள்ளீட்டுக்கு முன்னால் இருப்பதால் நேரம் பூஜ்யத்திலிருந்து எண்ணப்படுகிறது, 240-ஐ நாம்தான் கூட்ட வேண்டும். ஒலி அதற்குமேல் 1.8 வினாடி நீண்டது இசையின் வால். சந்தேகம் வந்தால் முடிவை முன்னாலேயே வையுங்கள். இசையின் கடைசி வினாடி காதில் விழுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. கதையின் முதல் வசனம் போய்விட்டால் பார்ப்பவர் பின்னால் போய்த் தேடுவார்.

இப்போது ரீகேப்புக்கு வருவோம். அதிகம் சொதப்புவது இங்கேதான். இன்ட்ரோவுக்குப் பயன்பட்ட அதே கருவியை ரீகேப்புக்கும் நீட்டி, 'இந்தத் தொடரில் ரீகேப் இல்லை' என்று முடிவுகட்டிவிடுவார்கள். ரீகேப் ஒவ்வொரு எபிசோடிலும் வேறு. திரும்ப வருவது அதில் இருக்கும் துண்டுகள்தான், அவையும் வெவ்வேறு இடங்களிலிருந்து வெட்டப்பட்டவை. மேலே புது இசை, சிலவற்றில் புதுக் குரல். ஒலி பெரும்பாலும் கைவிட்டுவிடும். ஆகப்போனால், 'இதுவரை நடந்தது' என்று தொடங்கும் அந்த இரண்டு மூன்று வினாடி மட்டும் எல்லா எபிசோடுகளிலும் பொருந்தும்.

படத்தை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகிறது. வினாடிக்கு இரண்டு ஃபிரேம், ஒவ்வொன்றுக்கும் 64 பிட் படக் கைரேகை, முந்தைய எபிசோடுகள் எல்லாவற்றோடும் ஒப்பீடு. கருப்பு, வெள்ளை, ஒரே நிறத் திரைகளை முதலிலேயே கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை எல்லாவற்றோடும் பொருந்தித் தொலைக்கும். பிறகு கவனிக்க வேண்டியது நகர்வு எப்படி நடந்துகொள்கிறது என்பதை. இன்ட்ரோவில் நகர்வு தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றே, அதுவும் பல எபிசோடுகளோடு. ரீகேப்பில் சில வினாடிகளுக்கு ஒருமுறை நகர்வு தாவும்: மூன்று வினாடி மூன்றாம் எபிசோடின் 31-ஆவது நிமிடம், அடுத்த இரண்டு வினாடி நான்காம் எபிசோடின் 8-ஆவது நிமிடம், இப்படி. மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. தினசரித் தொடர்களில் நேற்றைய கடைசிக் காட்சியை அப்படியே திரும்பப் போடுவார்கள். அங்கே நகர்வு ஒன்றே, ஆனால் நேற்றைய எபிசோடின் வாலோடு மட்டும். இந்த மூன்றையும் ஒரே பெயரில் சேமித்தால் பிறகு எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

ரீகேப்பில் முன்பு ஒளிபரப்பாத ஷாட்டும் நடுவில் வரும். அதனால் பொருத்தம் நாலைந்து வினாடி அறுந்தாலும் அதே பகுதியாகவே சேர்த்துக்கொள்வது நல்லது. கதை நடுவே வரும் ஃபிளாஷ்பேக்கும் இதே தடயத்தைத்தான் விடும். தொடக்கத்தில் வருவதை மட்டும் ரீகேப்பாக எடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். புதிய சீசனின் முதல் எபிசோடுக்கு முந்தைய சீசனின் படங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள்.

சரி, தாண்டுகிறார்களா? நெட்ஃபிளிக்ஸ் 2022-இல் ஒரு கணக்கு வெளியிட்டது: இன்ட்ரோவைத் தாண்டும் பட்டன் ஒரு நாளில் 13.6 கோடி முறை அழுத்தப்படுகிறது, மொத்தம் 195 ஆண்டு மிச்சமாகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு அழுத்தத்துக்குச் சுமார் 45 வினாடி. எண் பிரமாதம்தான். ஆனால் பட்டனைப் பார்த்தும் அழுத்தாதவர்கள் எத்தனை பேர் என்பது அதில் இல்லை. அழுத்தங்களை மட்டும் எண்ணுவதுதான் இந்தப் பகுதியின் தாய்த்தவறு.

கணக்குக்காக ஐந்தாம் எபிசோடுக்கு 1000 பார்வைகள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 140 பேர் பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்கள். இன்ட்ரோ அவர்கள் கண்ணிலேயே படவில்லை. 60 பேர் முன்காட்சியிலேயே எழுந்து போய்விட்டார்கள். இன்ட்ரோவைத் தொட்டவர்கள் 800. அவர்களில் 360 பேர் பட்டனை அழுத்தினார்கள், 120 பேர் முன்னோக்கி ஓட்டினார்கள், 40 பேர் இன்ட்ரோவின் நடுவே வெளியேறினார்கள், 280 பேர் முழுக்கப் பார்த்தார்கள். பட்டன் அழுத்தத்தை மொத்தப் பார்வையால் வகுத்தால் 36 சதவீதம். தாண்டிய 480 பேரை, வாய்ப்பு இருந்த 800 பேரால் வகுத்தால் 60 சதவீதம். ஒரே தரவு, எதிரெதிர் முடிவு. வெளியேறிய அந்த 40 பேரைத் தாண்டியவர்களோடு சேர்க்காமல் தனியாகவே காட்டுங்கள். போனது இன்ட்ரோவாலா, வேறு வேலையாலா என்பது இந்தத் தரவில் தெரியாது.

முன்னோக்கி ஓட்டியதைப் பிடிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பல பிளேயர்கள் 30 வினாடிக்கு ஒருமுறைதான் தற்போதைய இடத்தை அனுப்பும். இடம் 216-இலிருந்து 261-க்குப் போயிருந்தால் உடனே தாவல் என்று எழுதிவிடக் கூடாது. கடிகாரத்தில் 30 வினாடி கழிந்து, வேகம் 1.5 ஆக இருந்தால், 30 × 1.5 = 45; அவர் ஒரு வினாடிகூட விடாமல் பார்த்திருக்கிறார். இட மாற்றத்திலிருந்து வேகம் பெருக்கிய கடிகார நேரத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் தாவல். அந்தத் தாவல் 42 வினாடி இன்ட்ரோவில் எங்கே விழுந்தது என்று அறிய, 30 வினாடித் துடிப்பு போதாது; ஓட்டிய நொடியில் எங்கிருந்து எங்கே என்ற பதிவு வேண்டும். பத்துப் பத்து வினாடியாக நாலு முறை தட்டுபவர் 40 வினாடிதான் தாண்டுவார், மீதி இரண்டைப் பார்ப்பார். அவரும் தாண்டியவரே. இன்ட்ரோவில் பாதிக்குமேல் போனால் தாண்டல் என்பதுபோல வரையறையை முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

ரீகேப்பின் தாண்டல் விகிதத்தை ஒரே சராசரியாகத் தருவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. முந்தைய எபிசோடு முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கியவருக்கு ரீகேப் வெறும் இடைஞ்சல். பத்து நாள் கழித்து வந்தவருக்கு அதுதான் கதைக்குள் நுழையும் வழி. இருவரையும் கலந்து '70 சதவீதம் தாண்டுகிறார்கள்' என்று அறிக்கை போனால், அதை நம்பி யாரோ ரீகேப்பையே வெட்டிவிடுவார்கள். அதே பார்வையாளரின் முந்தைய எபிசோடு முடிந்து எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துப் பிரியுங்கள்: ஒரு மணி நேரத்துக்குள், ஒரு நாளுக்குள், ஒரு வாரத்துக்குள், அதற்கு மேல். தானாக அடுத்த எபிசோடைத் தொடங்கும்போது பிளேயரே இன்ட்ரோவைத் தாண்டிவிடும் வசதி இருந்தால் அந்தப் பார்வைகளை எடுத்துவிடுங்கள். அங்கே பார்ப்பவர் எதையும் முடிவு செய்யவில்லை. பட்டன் காட்டப்படாத பழைய டிவி செயலிகளையும் தனி வரியாக வையுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. பட்டனை அழுத்தியவர்களில் எத்தனை பேர் அடுத்த பத்து வினாடிக்குள் பின்னோக்கி ஓட்டுகிறார்கள் என்று எபிசோடு வாரியாகப் பாருங்கள். ஒன்பது எபிசோடுகளில் சொற்பமாக இருந்து ஏழாவதில் மட்டும் அது எகிறினால், ரசனையில் காரணம் தேட வேண்டாம். அந்த எபிசோடின் முடிவு எல்லை கதைக்குள் போயிருக்கிறது. கோப்பைத் திறந்து, எல்லைக்கு முன்னும் பின்னும் ஐந்து வினாடி கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். திருத்திய எல்லையை வைத்து அந்த எபிசோடின் தாண்டல் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருக்கும்.