ஸ்பாட்டிஃபை மாணவர் சலுகை முடியும் முன்

மாணவர் சலுகை ஒரு தடவைக்கு 12 மாதம்தான். மொத்தம் 4 ஆண்டு வரை கிடைக்கும். அது முடிந்ததும் சந்தா நிற்காது, தானாக முழு விலைக்கு மாறிவிடும். அதனால் பிரௌசரில் spotify.com/account பக்கத்தில் முடியும் தேதியைப் பாருங்கள். அது மார்ச்சில் முடிகிறது, கடைசித் தேர்வு மே மாதம் என்றால், இன்னும் நீங்கள் மாணவர்தான். மார்ச்சிலேயே மாணவர் என்பதை மறுபடி சரிபார்த்து, சலுகையைத் தொடரலாம்.

படிப்பு முடிந்துவிட்டதா? ரத்து செய்யத் தயங்க வேண்டாம். கட்டிய காலம் முடியும்வரை பிரீமியம் ஓடும், பிறகு இலவசக் கணக்காகும். பிளேலிஸ்ட்கள் அப்படியே இருக்கும்; டவுன்லோடு செய்த பாடல்கள்தான் போகும். செயலியை மட்டும் நீக்கினால் பணம் பிடிப்பது நிற்காது. விளம்பரம் பொறுக்காதவர்கள், ஒரே வீட்டில் இன்னொருவர் இருந்தால், பகிர்ந்துகொள்ளும் திட்டம் கிடைக்கிறதா, அது மலிவாக வருகிறதா என்று பாருங்கள்.