மும்பை மழையில் வாசல் மேட்: எங்கே தவறுகிறோம்

மும்பைக்குப் பருவமழை ஜூன் 11 வாக்கில் வந்து அக்டோபர் 8 வாக்கில் விலகும் என்பது வானிலைத் துறையின் சராசரிக் கணக்கு. இந்த நான்கு மாதத்துக்கு ஒரு மேட், மீதி எட்டு மாதத்துக்கு வேறு மேட் என்று யாரும் யோசிப்பதில்லை. ஊரில் இருந்ததைப் போலவே தடிமனான தேங்காய் நார் மேட் ஒன்றை வாங்கி வாசலில் போடுகிறார்கள். ஜூலையில் அது ஊறிப்போய் வாடை அடிக்கிறது. வெளிர் நிற டைல்ஸ் மேல் கிடந்தால் பழுப்புச் சாயமும் இறங்கிவிடும்.

நார் மேட்டைக் குறை சொல்ல முடியாது. காய்ந்த செம்மண்ணையும் மணலையும் செருப்பின் அடியிலிருந்து சுரண்டி எடுக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் உறிஞ்சிய நீர் காய அதற்கு வெயிலும் காற்றும் வேண்டும். ஆகஸ்ட் மாத மும்பையில் மூடிய காரிடாரில் இரண்டுமே இல்லை. சந்தேகமாக இருந்தால், வாங்கிய மேட்டின் ஒரு மூலையைக் காலையில் நனைத்து அதே இடத்தில் வையுங்கள். மறுநாள் காலையில் நாரை விரித்து அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் பிசுபிசுக்கிறதா என்று தெரிந்துவிடும். பிசுபிசுத்தால் அந்த இடத்துக்கு மழைக்காலத்தில் நார் மேட் ஒத்துவராது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் பெரிய தவறு இதுதான்: ஒரே மேட் இரண்டு வேலையையும் செய்யும் என்று நம்புவது. நம் வீடுகளில் செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறும் காலோடுதான் உள்ளே வருகிறோம். செருப்பில் இருக்கும் சேறு வேறு, பாதத்தில் இருக்கும் ஈரம் வேறு. சேற்றைச் சுரண்ட முரடான, நீரைத் தேக்காத மேட் வேண்டும். ஈரத்தை எடுக்க மெல்லிய, உறிஞ்சுகிற துணி மேட் வேண்டும். உறிஞ்சுகிற மேட்டை வெளியே போட்டால் சேறு குடித்துவிட்டு அடுத்து வருபவர் காலில் அதைத் திருப்பிப் பூசும். சுரண்டுகிற மேட்டை மட்டும் வைத்தால் ஈரக்கால் நேராக ஹாலுக்குப் போகும்.

செம்பூரில் ஒரு இரண்டாம் மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். வாசல் மூன்றடி அகலம், முன்னால் நாலரை அடி காரிடார், பளபளப்பான கறுப்பு கிரானைட்டில் வாசற்படி, உள்ளே பாலிஷ் டைல்ஸ். வெளியே நார் மேட், உள்ளே பருத்தி மேட், இரண்டுமே கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் 40க்கு 60 சென்டிமீட்டர் அளவு. பள்ளிவிட்டு வரும் இரண்டு குழந்தைகள், பெரியவர்கள், வேலைக்கு வரும் பாயி, பார்சல் கொண்டுவருபவர்கள் என்று நாள் முழுக்கக் கால்படுகிற வாசல்.

முதலில் அளவு. நடந்து வரும்போது ஒரு எட்டு ஏறக்குறைய 60, 70 சென்டிமீட்டர் இருக்கும். 40 சென்டிமீட்டர் மேட்டை வாசலுக்குக் குறுக்காகப் போட்டால் ஒரு கால் மட்டும் அதில் படும், மற்றது தாண்டிவிடும். அவசரமாக வரும் குழந்தை நின்று துடைக்கப் போவதில்லை. அதனால் வெளியே 60க்கு 90 மேட் ஒன்றை நடக்கும் திசைக்கு நீளவாட்டில் போட வேண்டும். உள்ளே 45க்கு 120 அளவில் நீளமான துணி மேட் ஒன்று. அப்போதுதான் நிற்காமல் நடந்தாலும் இரண்டு பாதமும் துணியில் படும்.

வெளியே போடுவது ஓட்டைகள் உள்ள கனமான ரப்பர் மேட்டாகவோ, அடிப்பக்கம் மூடப்படாத பிவிசி நூடுல்ஸ் மேட்டாகவோ இருக்கட்டும். சேறு சுருள்களுக்கிடையே கீழே இறங்கிவிடும், மேலே மிதிக்கும் பரப்பு சுத்தமாக இருக்கும். அடியில் மூடிய நூடுல்ஸ் மேட் காய்ந்த தூசிக்குச் சரி. மழையில் அதற்குள்ளேயே தண்ணீர் நின்றுவிடும். கடையில் வாங்கும்போது திருப்பிப் பார்த்தாலே தெரியும். கீழே இறங்கிய சேறு தானாகப் போகாது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மேட்டைத் தூக்கி உதறி, அடியில் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையில் ஓட்டை ஓட்டையாகக் கறை படியும்.

உள்ளே போடும் மேட்டுக்கு, கடைக்குப் போகுமுன் கதவின் கீழ் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் அது 10 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் பஞ்சு மேட் வாங்கினால் உள்பக்கம் திறக்கும் கதவு அதைச் சுருட்டிக்கொண்டு போகும்; தடுக்கி விழ அதுவே போதும். 7, 8 மில்லிமீட்டருக்குள் மைக்ரோஃபைபர் மேட் போதுமானது. ஒரே மாதிரி மூன்று வாங்கி, ஒன்று தரையில், ஒன்று துவைப்பில், ஒன்று கொடியில் என்று மாற்றிப் போட வேண்டும். மழைக்காலத்தில் இது ஆடம்பரச் செலவு இல்லை. ஊறிப்போன மேட் துடைக்காது, ஈரத்தைத்தான் பரப்பும்.

அந்த மேட்டின் அடியில் இருக்கும் வழுக்காத பூச்சை நம்பி இருந்துவிடக் கூடாது. பூச்சுக்கும் டைல்ஸுக்கும் நடுவே தண்ணீர் புகுந்தால் பிடி போய்விடும். மலிவான மேட்டில் வெந்நீரும் டிரையரும் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு மாவாக உதிரும். தரையில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அன்றே அந்த மேட்டை எடுத்துவிடுங்கள், முக்கியமாக வயதானவர்கள் இருக்கும் வீட்டில்.

இனி தரை. மேட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வழவழப்பான கிரானைட் படி நனைந்தால் ஆபத்துதான். புதிதாகப் போடுகிறவர்கள் வாசற்படிக்கும் வெளிப்பரப்புக்கும் பாலிஷ் கல் கேட்கவே வேண்டாம். தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டோ பாலிஷ் போடாத கோட்டா கல்லோ கேளுங்கள். டைல்ஸ் என்றால் பெட்டியில் R10, R11 என்று எண் இருக்கிறதா பாருங்கள். R9-இல் தொடங்கி R13 வரை எண் கூடக்கூட வழுக்கல் குறையும். ஆனால் அது எண்ணெய் ஊற்றிய சரிவில் ஷூ போட்டு நடந்து பார்க்கும் சோதனை, வெறும் காலுக்கானது அல்ல. அதனால் மாதிரி டைல்ஸ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, நனைத்து, வெறும் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. சொரசொரப்பு அதிகமானால் அழுக்கும் பிடிக்கும், துடைப்பான் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வீட்டு வாசலுக்கு R11-ஐத் தாண்ட அவசியம் இருக்காது. வெளிப்பரப்பில் மழைச்சாரல் அடிக்கும் என்றால் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வெளிப்பக்கம் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள்.

கல்லை மாற்ற முடியாத பழைய வீடு என்றால் படியின் விளிம்பில் சொரசொரப்பான பட்டை ஒட்டலாம். கல் ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் அது இரண்டு வாரம்கூட நிற்காது. மே மாதமே ஒட்டிவிட வேண்டும்.

பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழையில் மாக்கோலம் நிற்காது என்று வாசற்படிக்கு முன்னால் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறோம். நனைந்தால் கிரானைட்டைவிட மோசமாக வழுக்கும். கால் படாத ஓரத்திலோ, படியின் நெற்றிப் பக்கத்திலோ ஒட்டினால் அழகும் கெடாது, யாரும் மிதிக்கவும் மாட்டார்கள்.

கோட்டா கல் போட்டவர்கள் கறை போகட்டும் என்று ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ ஊற்ற வேண்டாம். அது சுண்ணாம்புக்கல், ஆசிட் பட்ட இடம் அரித்து வெளுத்துவிடும். சோப்புத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் போதும். அக்டோபரில் மழை விட்ட பிறகு, எடுத்து வைத்த நார் மேட்டை இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, கவிழ்த்துத் தட்டி மணலை உதிர்த்துவிட்டு, ரப்பர் மேட் கிடந்த இடத்தில் போடலாம்.