துணிப்பை லேபிளில் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்பதற்குப் பதில் என்ன எழுதுவது?

நான் பை விற்க ஆரம்பித்தபோது அச்சடித்த முதல் லேபிள் இது: “100% பருத்தி. 100% மக்கும். சுற்றுச்சூழலுக்கு உகந்தது. பூமியைக் காப்போம்!” இலைப் படம் வேறு.

மகள் கல்யாணத்துக்கு 300 தாம்பூலப் பை வாங்கிய ஒரு பெரியவர் போன் செய்தார். “ஏம்மா, நூறு சதம் பருத்தின்னு போட்டிருக்கீங்க, கைப்பிடி நாடாவைத் தீக்குச்சியில காட்டினா பிளாஸ்டிக் மாதிரி உருகுதே?” என்றார். இல்லை என்று சாதித்துவிட்டு, போனை வைத்ததும் நானே கொளுத்திப் பார்த்தேன். உருகியது. நாடா விற்ற கடைக்காரர் ‘காட்டன் நாடா’ என்று சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன்.

அதற்கப்புறம் நாடாவை மாற்றி, லேபிளையும் முழுக்க மாற்றி எழுதினேன். எப்படி என்பதுதான் இந்தப் பதிவு. துணி எங்கே வாங்குவது, எப்படித் தைப்பது என்பதற்குள் போகவில்லை. பை கையில் இருக்கிறது, அதைப் பற்றி என்ன எழுதலாம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

முதல் படி: ஒரு பையைப் பிரித்துப் போடுங்கள்

பிளேடால் தையலைப் பிரித்து மேசையில் பரப்புங்கள். பை என்பது ஒரு பொருள் இல்லை. உடல் துணி, கைப்பிடி, தையல் நூல், அச்சு, உள்ளே தைத்த லேபிள், கூரியரில் போகும் கவர் என்று ஆறு சாமான் இருக்கும். ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: இது என்ன, யாரிடம் வாங்கியது, இதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும். மூன்றாவது இடத்தில் ‘கடைக்காரர் சொன்னார்’ என்று வந்தால் அந்த வரியை வட்டமிடுங்கள். என் நோட்டில் ஆறில் நான்கு வட்டம்.

இதற்கு எக்செல் வேண்டாம் என்பது என் கட்சி. துணித் துண்டையும் பில்லையும் பின் அடித்து வைக்க நோட்டில்தான் முடியும்.

இரண்டாம் படி: எரித்துப் பாருங்கள் (நான் சறுக்கியது இங்கேதான்)

ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர், ஒரு இடுக்கி, ஒரு மெழுகுவர்த்தி. ஃபேனை நிறுத்துங்கள். துணியைத் துண்டாக எரிக்காமல், நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தனியாக, குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தனியாக உருவி எரியுங்கள். முதல் தடவை நான் பாவை மட்டும் எரித்துவிட்டு ‘சுத்தப் பருத்தி’ என்று சந்தோஷப்பட்டேன். கழிவுப் பஞ்சிலிருந்து திரிக்கிற நூலில் பாலியஸ்டர் கலந்து வருவது சகஜம். அந்த நூல் ஊடையில் மட்டும் ஓடியிருந்தால் பாவு அதைக் காட்டிக்கொடுக்காது.

பருத்தி சட்டென்று பற்றும், காகிதம் எரிகிற வாசம் வரும், சாம்பலை விரலால் தொட்டால் மாவாக உதிரும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருண்டு பின்வாங்கும், உருகிச் சொட்டும், ஆறியதும் நுனியில் கறுப்பாக ஒரு மணி கெட்டியாக நிற்கும். கலப்பு நூல்தான் ஏமாற்றும். பருத்தி மாதிரியே எரியும், ஆனால் சாம்பலைத் தேய்க்கும்போது மணல் போல ஏதோ நெருடும். அந்த நெருடலுக்காகத்தான் விரலால் தேய்க்கச் சொல்கிறேன்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. எத்தனை சதவீதம் கலப்பு என்று இது சொல்லாது. ரேயானும் பருத்தி போலவே எரியும் என்பதால் அதையும் பிரித்துக் காட்டாது. சதவீதம் போட்டு எழுத வேண்டுமென்றால் கோவை சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வுக்கூடத்தில் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். அறிக்கை இல்லாமல் ‘100%’ என்ற எண்ணை நான் இப்போது எழுதுவதில்லை.

தொட்டால் துணி போலவே இருக்கும் ‘நான்வோவன்’ பை முழுசாகவே உருகிவிடும். அது பாலிபுரொப்பிலீன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 அன்று தடை வந்தபோது அந்தப் பட்டியலில் இருந்த பை அது. அதைத் துணிப்பை என்று எழுதுவதற்கு வழியே இல்லை.

மூன்றாம் படி: பெரிய சொற்களை அடியுங்கள்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. பசுமையானது, இயற்கையானது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது, தூய்மையானது, ஆர்கானிக் மாதிரியான சொற்களை அது தடை செய்யவில்லை. வெறுமனே போடாதே, எதைப் பற்றிச் சொல்கிறாய் என்ற விளக்கமும் ஆதாரமும் கூடவே வேண்டும் என்கிறது. பொருள் முழுவதற்கா, ஒரு பகுதிக்கா, பேக்கிங்குக்கா என்றும் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019 நுகர்வோர் சட்டத்தில் இடமிருக்கிறது. வெறும் பச்சை நிறமோ இலைப் படமோ வைத்ததற்காக மட்டும் யாரும் பிடிக்கப் போவதில்லை. ஆனாலும் நான் இலையை எடுத்துவிட்டேன், அது ஒன்றும் சொல்லவில்லை.

விளக்கம் எழுதப் போனால் ஒன்று புரியும். விளக்கத்தைச் சரியாக எழுதிவிட்டால் பெரிய சொல்லே தேவைப்படாது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த பை’ என்பதை அடித்துவிட்டு ‘வெளுக்காத, சாயமிடாத காடா துணி’ என்று எழுதினேன். வாங்குபவர் பையைப் பார்த்தே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்காக ‘ரசாயனமே இல்லாதது’ என்று தாவிவிடாதீர்கள். தறியில் ஏற்றும் முன் பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள், அதில் என்னென்ன சேர்த்தார்கள் என்பது தறிக்காரருக்கே தெரிந்தால்தான் உண்டு. வயலில் தெளித்ததைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

நான்காம் படி: ‘மக்கும்’

இதைச் சோதிக்க ஒரு பையை மாடியில் பெரிய பூந்தொட்டியில் புதைத்தேன். நான்கு மாதம் கழித்துத் தோண்டினால் துணி பெரும்பாலும் போய்விட்டது. தையல் நூல் மட்டும் பையின் ஓரக் கோட்டை அப்படியே காட்டிக்கொண்டு முழுசாக இருந்தது. நடுவில் நான் அடித்த லோகோ, ரப்பர் பிரின்ட், பாம்புச் சட்டை மாதிரி தனியாக உரிந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் ‘100% மக்கும்’ என்ற வரி எவ்வளவு பெரிய புளுகு என்று தெரிந்தது.

பாலியஸ்டர் நூலை மாற்றினேனா என்றால், இல்லை. பருத்தி நூலில் தைத்துப் பார்த்தேன், கைப்பிடி ஓரத்தில் சீக்கிரம் விட்டுப்போனது. பை நீடிக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஆகவே நூல் பாலியஸ்டர் என்று லேபிளிலேயே சொல்லிவிட்டேன். ரப்பர் பிரின்டை விட்டு, தண்ணீரில் கலக்கும் பிக்மென்ட் மைக்கு மாறினேன். அதிலும் துணியோடு ஒட்ட வைக்கும் பைண்டர் இருக்கிறது, அதனால் ‘மக்கும்’ என்ற சொல் என் லேபிளுக்குத் திரும்பவில்லை.

ஐந்தாம் படி: பிளாஸ்டிக்கோடு ஒப்பிடாதீர்கள்

‘இந்த ஒரு பை 500 பிளாஸ்டிக் பைக்குச் சமம்’ என்று எழுத எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். 2011இல் இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் மெல்லிய பிளாஸ்டிக் பையை விடப் புவி வெப்பமாதல் கணக்கில் பருத்திப் பை குறைவாக வர வேண்டுமானால், அதை 131 தடவை பயன்படுத்த வேண்டும். டென்மார்க் அரசு அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வில் அதே வெப்பமாதலுக்கு 52 தடவை, எல்லாவகைப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 தடவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அளக்கிறது, குப்பையாகத் தெருவில் கிடப்பதை இந்தக் கணக்குகள் பிடிப்பதும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் தெளிவு: துணிப்பை நல்லதா என்பது நான் விற்கும்போது முடிவாவதில்லை, வாங்கியவர் எத்தனை முறை எடுத்துப் போகிறார் என்பதில்தான் இருக்கிறது. வாரம் ஒரு முறை சந்தைக்கு என்றால் 131ஐத் தொட இரண்டரை வருஷம்.

அதனால் தேங்காய் வைத்தால் தையல் விடும் அளவு மெல்லிய தாம்பூலப் பையை நான் இப்போது தைப்பதில்லை. கொஞ்சம் ஆர்டர் போனது. போகட்டும்.

ஆறாம் படி: அளந்ததை எழுதுங்கள்

நகைத் தராசு ஒன்று வாங்குங்கள். சமையலறைத் தராசு இதற்குப் போதாது. துணியில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி எடை போட்டு, 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. எனக்கு 1.5 கிராம் வந்தது, ஆக 150. பில்லில் 180 என்றிருந்தது! அப்புறம் பையில் 8 கிலோ அரிசி போட்டு ஒரு நாள் முழுக்க ஆணியில் மாட்டினேன். ஒரு பையைத் துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்தேன். 16 அங்குல உயரம் பதினைந்தேகாலுக்கு வந்தது.

இப்போது இருக்கும் லேபிள்:

> உடல் துணி, கைப்பிடி: வெளுக்காத, சாயமிடாத பருத்தி. தையல் நூல்: பாலியஸ்டர். அச்சு: ஒரு பக்கம் மட்டும், தண்ணீரில் கலக்கும் மை.
> 150 ஜிஎஸ்எம். 8 கிலோ அரிசியுடன் ஒரு நாள் தொங்கவிட்டுப் பார்த்தது.
> முதல் சலவையில் உயரம் முக்கால் அங்குலம் சுருங்கும்.
> கைப்பிடி பிய்ந்தால் அனுப்புங்கள், தைத்துத் தருகிறோம்.

பின்சேர்க்கை 1: ‘மில்லில் ஆர்கானிக் சான்றிதழ் நகல் கொடுத்தார்கள், பையில் காட்ஸ் என்ற ஆர்கானிக் ஜவுளிச் சான்றின் லோகோ போடலாமா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். போட முடியாது. அந்தச் சான்று மில்லுக்கு. பையில் லோகோ வர வேண்டுமானால் தைக்கும் இடம் வரை சங்கிலியில் உள்ள எல்லோருக்கும் சான்று வேண்டும், நீங்கள் வாங்கிய சரக்குக்கென்று தனிப் பரிவர்த்தனைச் சான்றும் வேண்டும். மில்லின் பெயர் உண்மையில் பட்டியலில் இருக்கிறதா என்பதை global-standard.org தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

பின்சேர்க்கை 2: வாட்ஸப் கேட்டலாக்கில் இவ்வளவும் கொள்ளாது என்கிறார்கள். ‘வெளுக்காத பருத்தித் துணி, பாலியஸ்டர் தையல்’ என்ற ஒரு வரி போதும். மீதியை க்யூஆர் கோடில் வைக்க நெறிமுறையே அனுமதிக்கிறது. ஆனால் பெருமையை வெளியிலும் குறையைக் கோடுக்குள்ளும் வைக்காதீர்கள்.

பின்சேர்க்கை 3: ஒவ்வொரு ரோலையும் எரித்துப் பார்க்கச் சொல்லிப் பின்னூட்டத்தில் ஒரு தோழி எழுதியதைப் படித்துவிட்டுப் போன வாரம் வந்த நாடா ரோலை எரித்தேன். அதே கடை, அதே விலை, போன ரோல் சுத்தப் பருத்தி. இதில் நுனியில் கறுப்பு மணி. ரோலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது ஒவ்வொரு ரோலிலும் இரண்டு அங்குலம் எரித்து, மிச்சத் துண்டைத் தேதியோடு நோட்டில் பின் அடிக்கிறேன்.