நாலு மொழி விருந்தினருக்கு ஒரே கருத்துப் படிவம்: எழுதுவது எப்படி?

புதுச்சேரியில் சித்தி தன் வீட்டு மாடியை நான்கு அறை விருந்தினர் இல்லமாக நடத்துகிறார். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, இந்தி என நாலு விதமான ஆட்கள் வருவார்கள். அவர் வைத்திருந்த பழைய படிவத்தின் முதல் கேள்வி இது:

"எங்கள் சுவையான காலை உணவும் அன்பான உபசரிப்பும் உங்களுக்குப் பிடித்திருந்ததா?"

வந்த பதில் எல்லாம் "ஆம்". ஒன்றுக்கும் உதவாத "ஆம்". இந்தக் கேள்வியை வைத்தே தொடங்கலாம்.

படி 1: புகழ்ச்சியை எடுங்கள், கேள்வியைப் பிளங்கள்

"சுவையான", "அன்பான" என்று நாமே சொல்லிவிட்டால், மறுத்துப் பேச விருந்தாளிக்கு மனசு வராது. இரண்டையும் வெட்டுங்கள். மீதி இருப்பதிலும் உணவு, உபசரிப்பு என்று இரண்டு விஷயங்கள். இட்லி ஆறிப்போயிருந்தது, ஆள் நல்லவர் என்றால் விருந்தாளி எதை டிக் அடிப்பார்? ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான். "உம்", "மற்றும்" கண்ணில் பட்டால் அங்கே பிளக்க வேண்டுமா என்று பாருங்கள்.

"உபசரிப்பு" வேறு தொல்லை. அதற்குள் சிரித்த முகம், காபி கொடுத்தது, பெட்டி தூக்கியது எல்லாம் அடக்கம். மொழிபெயர்ப்பவர் இதில் ஏதோ ஒன்றைத்தான் எடுப்பார். எது வேண்டுமோ அதை நேராகக் கேளுங்கள்: "உதவி கேட்டபோது கிடைத்ததா?"

படி 2: ஆளைக் கேட்காமல் பொருளைக் கேளுங்கள்

"நீங்கள் திருப்தியாக இருந்தீர்களா?" என்பது தமிழில் சாதாரணம். பிரெஞ்சில் ஆணுக்கு "சாத்திஸ்ஃபே", பெண்ணுக்கு "சாத்திஸ்ஃபெத்". இந்தியில் "தூங்கினீர்களா?" என்று கேட்டாலே வினைமுற்று ஆண், பெண் பார்த்து மாறும். படிவத்தில் கோடு போட்டு இரண்டையும் எழுத வேண்டி வரும். "அறை சுத்தமாக இருந்ததா?" என்று கேட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

படி 3: எதிர்மறைக் கேள்வி வேண்டாம்

"குறை எதுவும் இல்லையே?" என்று கேட்கிறோம். குறையில்லாதவர் தமிழில் "ஆமாம், இல்லை" என்றும் சொல்வார், வெறும் "இல்லை" என்றும் சொல்வார். பிரெஞ்சுக்காரர்களிடம் எதிர்மறைக் கேள்வியை மறுப்பதற்கென்றே "ஸி" என்று தனிச் சொல் இருக்கிறது. ஆம், இல்லை கட்டத்தில் இதையெல்லாம் அடைக்க முடியாது.

படி 4: அளவுகோலில் நேரம் செலவிடுங்கள்

நான் அதிகம் தடுக்கி விழுந்தது இங்கேதான். முதலில் "நன்று, பரவாயில்லை, மோசம்" என்று வைத்தேன். "பரவாயில்லை" பாராட்டா குறையா? சொல்கிற குரலில் இருக்கிறது, காகிதத்தில் குரல் இல்லையே. பிரெஞ்சு "பா மால்" சொல்லுக்குச் சொல் பார்த்தால் "மோசமில்லை", ஆனால் பேச்சில் பெரும்பாலும் நல்ல மதிப்பெண்தான்.

சரி, எண் போட்டுவிடலாம் என்றால் அதிலும் பள்ளம். ஜெர்மனியில் பள்ளி மதிப்பெண் 1 என்றால் மிகச் சிறப்பு, 6 என்றால் தோல்வி. வெறும் 1 முதல் 5 வரை கட்டம் போட்டால், அங்கிருந்து வருபவர் மனமாரப் பாராட்டி 1-ஐச் சுழித்துவிட்டுப் போவார். எண்தான் வேண்டும் என்றால் இரு முனையிலும் சொல் எழுதுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, அளவைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பது: எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை. கூடவே "பயன்படுத்தவில்லை" என்றொரு கட்டம். அது இல்லாவிட்டால் விடியற்காலை ரயிலுக்குக் கிளம்பியவரும் காலை உணவுக்கு ஏதோ ஒன்றைக் குத்திவிடுவார்.

படி 5: திருப்பி மொழிபெயர்த்துப் பாருங்கள்

ஒருவர் பிரெஞ்சில் எழுதட்டும். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் தமிழுக்குக் கொண்டுவரட்டும். இரண்டு தமிழையும் பக்கத்தில் வைத்தால் ஓட்டை தெரியும். எங்கள் "வெந்நீர் வந்ததா?" திரும்பி வந்தபோது "வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார்களா?" என்று ஆகியிருந்தது. பிழை மொழிபெயர்த்தவருடையது அல்ல. குழாய் என்ற சொல்லை நான்தான் விட்டிருந்தேன். இப்படி வந்தால் மொழிபெயர்ப்பை ஒட்டுப்போடாமல் மூலத்தைத் திருத்துங்கள்.

கடைசியில் நின்ற படிவம்:

1. அறை சுத்தமாக இருந்ததா?
2. குளியலறைக் குழாயில் வெந்நீர் இருந்ததா?
3. காலை உணவு சூடாக இருந்ததா?
4. இரவில் அறை அமைதியாக இருந்ததா?
5. உதவி கேட்டபோது கிடைத்ததா?
6. மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் எழுதுங்கள். எந்த மொழியிலும் எழுதலாம்.

முதல் ஐந்துக்கும் அதே நான்கு கட்டங்கள். வரிசை எண் எல்லா மொழியிலும் ஒன்றே என்பதால், பிரெஞ்சுத் தாளையும் சித்தி எண்ணைப் பார்த்தே கூட்டிவிடுகிறார்.

அப்புறம் ஒன்று. படிவத்தை நீட்டிவிட்டுப் பக்கத்திலேயே நிற்காதீர்கள். சித்தி அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார். இப்போது சாவி போடும் பெட்டியிலேயே தாளையும் போடச் சொல்லியிருக்கிறோம். முதல் வாரமே நாலாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" வந்தது: தண்ணீர் மோட்டார் அந்த அறைக்கு நேர் கீழே.