சாய்ந்த ஏணிக் கணக்கு: சைன், கொசைன் இல்லாமல் போடும் வழி

ஏணிக் கணக்கு கடினமாகத் தெரிவதற்கு ஏணி காரணமில்லை. புத்தகத்தில் படம் போட்டவுடனே ஒரு கோணத்தைக் குறித்து θ என்று எழுதிவிடுகிறார்கள். அப்புறம் எந்த விசைக்கு சைன், எதற்குக் கொசைன் என்று பிள்ளைகள் நடுங்க ஆரம்பிக்கிறார்கள். எங்கள் வீட்டில் தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குச் சொல்லிக் கொடுக்கப் போய், கோணத்தையே தொடாமல் போடும் இந்த வழியில் வந்து நின்றேன். பள்ளியில் ஆங்கிலத்தில் படித்ததை வீட்டில் தமிழில் பேசிப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

எடை, விசை, நியூட்டன், பித்தாகரஸ் இதெல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். g-யின் மதிப்பு 10.

கணக்கு

ஒரு தரைவீட்டு முற்றத்தில் 5 மீட்டர் ஏணி. அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது, மேல்முனை சுவரில் 4 மீட்டர் உயரத்தில் தொடுகிறது. ஏணியின் எடை 200 நியூட்டன், சீரான ஏணி. அதில் 600 நியூட்டன் எடையுள்ள பெயிண்டர் ஒருவர் ஏறுகிறார். சுவர் வழவழப்பு, அங்கே உராய்வே இல்லை. தரையில் உராய்வுக் குணகம் 0.5. அவர் எவ்வளவு தூரம் ஏறினால் ஏணி வழுக்கும்?

(3 மீட்டர் தள்ளி வைப்பது நிஜத்தில் மோசமான யோசனை. எண்கள் சுத்தமாக வருவதற்காக வைத்திருக்கிறேன். அதைப் பிறகு பார்ப்போம்.)

படி 1: படம்

கிராஃப் தாள் எடுங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்று அளவெடுத்து வரையுங்கள். ஏணி சரியும் காட்சியைத் திரையில் காட்டும் சிமுலேஷன்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு அவை பிடிக்காது. ஏணி விழுவதைக் காட்டுகின்றனவே தவிர, எந்தத் தூரத்தை எந்த விசையோடு பெருக்குவது என்பதைக் காட்டுவதில்லை. கிராஃப் தாளில் கட்டங்களை எண்ணினாலே அது தெரிந்துவிடும்.

ஏணியின் மேல் செயல்படும் விசைகள் ஐந்து. ஏணியின் எடை, நடுவில், கீழ்நோக்கி. பெயிண்டரின் எடை, அவர் நிற்கும் இடத்தில், கீழ்நோக்கி. தரை மேல்நோக்கித் தாங்குவது N. சுவர் தள்ளுவது R. தரையின் உராய்வு f.

சுவரில் உராய்வு இல்லை என்ற ஒரு வரிதான் கணக்கையே எளிதாக்குகிறது. உராய்வில்லாத பரப்பு தனக்குச் செங்குத்தாக மட்டுமே தள்ள முடியும். ஆகவே R முழுக்கக் கிடைமட்டம், சுவரை விட்டு வெளியே. ஏணியின் வாக்கில் சாய்த்து வரைந்தால் அங்கேயே கணக்கு போச்சு. சுவர் ஏணியை வெளியே தள்ளுவதால் ஏணியின் அடி வெளியே ஓடப் பார்க்கும். அதைத் தடுக்கும் f சுவரை நோக்கி இருக்கும்.

படி 2: இரண்டு சுலபமான சமன்பாடுகள்

```
N = 200 + 600 = 800
f = R
```

மேல் கீழ் விசைகள் சமம், இடம் வலம் விசைகள் சமம், அவ்வளவுதான். ஆனால் முதல் வரியை இன்னொரு தரம் பாருங்கள். பெயிண்டர் முதல் படியில் நின்றாலும் உச்சியில் நின்றாலும் N அதே 800 தான். அப்படியென்றால் தரை தரக்கூடிய உராய்வின் உச்ச அளவும் மாறாது: 0.5 × 800 = 400 நியூட்டன்.

படி 3: திருப்புத்திறன்

திருப்புத்திறன் அல்லது டார்க் என்பது விசையை அதன் செங்குத்துத் தூரத்தால் பெருக்கியது. எந்தப் புள்ளியைச் சுற்றி வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் ஏணியின் அடியை எடுங்கள். N, f இரண்டும் அந்தப் புள்ளி வழியாகவே போவதால் அவற்றின் திருப்புத்திறன் பூச்சியம். தெரியாதது R ஒன்றுதான் மிஞ்சும்.

இனி தூரம். இங்கேதான் நிறையப் பேர் 5 மீட்டரை எடுத்துப் பெருக்கிவிடுகிறார்கள். ஏணியின் நீளம் இந்தக் கணக்கில் எங்குமே நேரடியாக வராது. விசை எந்தத் திசையில் போகிறதோ அதற்குக் குறுக்கே அளக்க வேண்டும். எடை கீழ்நோக்கிப் போகிறது, ஆகவே அதற்கான தூரத்தைத் தரையோடு தரையாக அளக்கிறோம். R கிடைமட்டமாகப் போகிறது, ஆகவே அதற்கான தூரம் உயரம்.

ஏணியின் நடுப்பகுதி அடியிலிருந்து கிடைமட்டமாக 1.5 மீட்டர். பெயிண்டர் நிற்கும் இடம் கிடைமட்டமாக x மீட்டர். சுவரைத் தொடும் இடம் 4 மீட்டர் உயரம்.

```
R × 4 = 200 × 1.5 + 600 × x
R = (300 + 600x) / 4
```

இரண்டு எடைகளும் ஏணியைச் சுவர்ப் பக்கம் கீழே சாய்க்கப் பார்க்கின்றன, R அதை எதிர்த்து நிமிர்த்துகிறது. சைனும் இல்லை, கொசைனும் இல்லை. கேள்வியில் கோணம் மட்டும் கொடுத்திருந்தால் முதலில் அகலத்தையும் உயரத்தையும் கணக்கிட்டுப் படத்தில் எழுதிவிட்டு இதே வழியில் போங்கள்.

படி 4: உராய்வு (மெதுவாகப் படிக்கவும்)

பெயிண்டர் ஏணியின் நடுவில் நிற்கிறார், உராய்வு எவ்வளவு என்று கேட்டால், டியூஷனுக்குப் போகிற பிள்ளையும் சட்டென்று 400 என்று சொல்லும். μN என்ற சூத்திரம் அப்படிப் பதிந்திருக்கிறது. நாம் போட்டுப் பார்ப்போம். x = 1.5.

```
R = (300 + 900) / 4 = 300
f = 300
```

உராய்வு 300 தான். 400 என்பது தரை அதிகபட்சமாகத் தரக்கூடியது. கேட்பது 300 என்றால் கொடுப்பதும் 300. பிடிவாதமாக 400 என்று வைத்தால் R-உம் 400 ஆக வேண்டும், அதன் திருப்புத்திறன் 1600. எடைகளின் திருப்புத்திறனோ 1200 தான். சுவர் ஏணியைத் தானாகவே நிமிர்த்தித் தூக்குகிறது என்று ஆகிவிடும். சும்மா நிற்கும் ஏணியை எந்தச் சுவரும் அப்படித் தூக்காது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் திருப்புத்திறனிலிருந்து R, அதிலிருந்து f. கடைசியில்தான் அந்த f, μN-ஐத் தாண்டுகிறதா என்று பார்ப்பது. f = μN என்று எழுத ஒரே ஒரு தருணத்தில்தான் அனுமதி உண்டு: கேள்வியில் ‘வழுக்கப் போகும் நிலை’ என்று இருக்கும்போது.

நம் கேள்வி அதுதான். எனவே இப்போது எழுதலாம்.

```
400 × 4 = 300 + 600x
x = 1300 / 600 = 2.17
```

இது கிடைமட்டத் தூரம். ஏணியின் வழியாக எவ்வளவு என்றால் 5/3-ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 3.6 மீட்டர். ஐந்து மீட்டர் ஏணியில் அதற்கு மேல் கால் வைத்தால் அடி நழுவும். பாதி ஏணி வரை அசையாமல் நின்றது என்ற நம்பிக்கையில் மேலே போகிறவர்கள் விழுவதற்குக் காரணம் இதுதான். ஏற ஏறத் தேவைப்படும் உராய்வு கூடுகிறது, கிடைக்கக்கூடியது கூடுவதில்லை.

படி 5: சரிபார்ப்பு

விடையைச் சரிபார்க்க, மேல்முனையைச் சுற்றி மறுபடி போடுங்கள். நடுவில் நிற்கும் நிலைக்கு: N-இன் திருப்புத்திறன் 800 × 3 = 2400. எதிர்ப்பக்கம் ஏணி 200 × 1.5 = 300, பெயிண்டர் 600 × 1.5 = 900, உராய்வு 300 × 4 = 1200. கூட்டினால் 2400. சரி. பொருந்தவில்லை என்றால் பெரும்பாலும் f-இன் திசையோ, ஏதாவது ஒரு தூரமோதான் தப்பு.

நாலுக்கு ஒன்று

கட்டுமானத் தளங்களில் சொல்லும் விதி இது: நாலு மீட்டர் உயரத்துக்கு ஒரு மீட்டர் தள்ளி அடியை வை. கோணத்தில் சொன்னால் சுமார் 75 பாகை. அதே ஏணி, அதே ஆள், உச்சியிலேயே நிற்கிறார். அகலத்தைப் போல உயரம் நான்கு மடங்கு என்பதால் நீளமே வேண்டாம்:

```
R = (200/2 + 600) / 4 = 175
```

3 மீட்டர் தள்ளி வைத்தபோது உச்சிக்கு 525 வேண்டியிருந்தது. இப்போது 175 போதும். 800-ஆல் வகுத்தால் குணகம் 0.22 இருந்தால் போதும் என்று வருகிறது. ஆனால் மதிய மழையில் நனைந்த முற்றத்து டைல்ஸும், ரப்பர் தேய்ந்துபோன ஏணிக் காலும் சேர்ந்து குணகம் 0.2-க்கு இறங்கினால் கிடைப்பது 160 தான். விதிப்படி வைத்த ஏணியும் வழுக்கும். கோணத்தைப் பார்ப்பதோடு தரையையும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பின்சேர்க்கை: கீழே ஒருவர் நின்றால்?

ஒரு வாசகர் கேட்டது. கீழே நிற்பவர் கையால் பிடிப்பதை விட்டுவிடுவோம், அதைக் கணக்கில் கொண்டுவருவது கஷ்டம். 500 நியூட்டன் எடையுள்ள ஒருவர் அடிப்படியில் ஏறி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய x ஏறத்தாழ பூச்சியம், ஆகவே R மாறாது. N மட்டும் 1300 ஆகிறது, உராய்வின் உச்சம் 650. முதல் கணக்கின் ஏணியில் உச்சிக்குத் தேவைப்பட்ட 525 இப்போது கிடைத்துவிடுகிறது. அவர் மட்டும் பாதியில் இறங்கக் கூடாது.

இன்னொரு பின்சேர்க்கை: சுவரிலும் உராய்வு இருந்தால்?

நிஜச் சுவர் வழவழப்பில்லையே என்று சிலர் எழுதியிருந்தார்கள். உண்மைதான். ஆனால் சுவரிலும் உராய்வை விட்டால் தெரியாதவை நான்கு, சமன்பாடுகள் மூன்று. ஏணி நிற்கும்போது ஒவ்வொரு விசையும் எவ்வளவு என்று இந்த மூன்றை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இரண்டு முனையும் ஒரே நேரத்தில் வழுக்கப் போகின்றன என்று சொன்னால்தான் விடை வரும். வழவழப்பு என்று வைப்பது கணக்கை முடிக்கக்கூடியதாக்குகிறது. சுவரின் உராய்வு கொஞ்சம் உதவியே செய்யும் என்பதால், நமக்குக் கிடைக்கும் விடையும் எச்சரிக்கையான பக்கத்தில்தான் இருக்கும்.

இதைத் திருப்பிப் போட்டு, தரையை வழவழப்பாக்கிச் சுவரில் மட்டும் உராய்வு வைத்துப் பாருங்கள். சுவரின் உராய்வு மேல்நோக்கித்தான் இருக்கும். R-ஐ எதிர்க்கக் கிடைமட்டத்தில் ஒரு விசையும் இல்லை, ஆகவே R பூச்சியமாக வேண்டும். R இல்லையென்றால் சுவரின் உராய்வும் இல்லை. சுவர் எவ்வளவு சொரசொரப்பாக இருந்தாலும் அந்த ஏணி சாய்ந்து நிற்காது.