சமநிலைப் பங்கு சரிபாதியாக வந்தால் சந்தேகப்படுங்கள்

பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் மாறுதல் நிகழ்தகவு அணியை வைத்துச் சந்தைப் பங்கு கேட்கும் கணக்குகள் உண்டு. அப்படி ஒன்றைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துப் போடும்போது, ஓரம் வெட்டுப்பட்டுத் தலைப்புகள் காணாமல் போயிருக்கும். A, B என்று இரண்டு தேயிலைத்தூள்கள். படத்தில் மிஞ்சியது இவ்வளவுதான்:

```
0.85  0.15
0.10  0.90
```

எதையும் பெருக்கும் முன் கூட்டிப் பாருங்கள். நிரைகள் இரண்டும் 1 தருகின்றன, நிரல்கள் 0.95, 1.05 தருகின்றன. எனவே ஒவ்வொரு நிரையும், இந்த மாதம் ஒன்றை வாங்கியவர்கள் அடுத்த மாதம் எதற்குப் போகிறார்கள் என்பதைச் சொல்கிறது. மங்கிய படத்தில் 0.85-ஐ 0.35 என்று படித்திருந்தாலும் இந்தக் கூட்டலே காட்டிக்கொடுத்துவிடும்.

பலர் சறுக்குவது அடுத்த படியில், அதாவது மாதாமாதம் மாறாமல் நிற்கும் சமநிலைப் பங்கைக் கண்டுபிடிக்கும்போது. பங்குகளை நிரையாக அணியின் இடப்பக்கம் எழுத வேண்டியிருக்க, நிரலாக வலப்பக்கம் எழுதிவிடுகிறார்கள். அப்போது 0.85A + 0.15B = A என்றாகி, A = B, அதாவது ஆளுக்கு 50% என்று விடை வரும். பார்க்க அழகாக இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் நிரைக் கூட்டல் 1 ஆக உள்ள எந்த அணியை இப்படிப் பெருக்கினாலும் சரிபாதிதான் வரும். கணக்கில் கொடுத்த எண்களுக்கு வேலையே இல்லை. உண்மையாகவே சரிபாதி வர வேண்டுமென்றால், A-யிலிருந்து B-க்கும் B-யிலிருந்து A-க்கும் மாறும் விகிதங்கள் சமமாக இருக்க வேண்டும். இங்கே அவை 0.15, 0.10.

சரியான சமன்பாடு 0.85A + 0.10B = A. சுருக்கினால் 0.15A = 0.10B. A-யை விட்டுப் போகிறவர்களும் A-க்கு வருகிறவர்களும் சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். B-க்கான சமன்பாட்டை எழுதினாலும் இதே வரிதான் திரும்ப வரும். இரண்டையும் சேர்த்துத் தீர்க்கப் போனால் 0 = 0 என்று நிற்கும். A + B = 1 என்பதைச் சேர்த்தால்தான் விடை கிடைக்கும்: A = 40%, B = 60%. இதையும் 15 : 10 என்று தலைகீழாக எழுதிவிடுவோர் உண்டு. தன்னிடம் இருப்பவர்களில் அதிக விகிதத்தினரை இழப்பது A. அதன் பங்கு குறைவாகத்தான் இருக்க முடியும்.

தொடக்கப் பங்கு A-க்கு 20% என்று கணக்கில் இருந்தால், அதைச் சமநிலைச் சமன்பாட்டில் நுழைக்காதீர்கள். அது அடுத்த மாதப் பங்கைக் கண்டுபிடிக்க மட்டுமே: 0.20 × 0.85 + 0.80 × 0.10 = 25%. 40%-க்கு இருந்த இடைவெளி 20-லிருந்து 15 ஆகிவிட்டது. இனி மாதாமாதம் முக்கால் பங்காகச் சுருங்கிக்கொண்டே போகும். எங்கே தொடங்கினாலும் இதுதான் நடக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எல்லோரும் ஒவ்வொரு மாதமும் மாறிவிடுகிறார்கள், அதாவது மாறும் விகிதம் இரண்டும் 1 என்றால், சமன்பாடு 50% என்று சொல்லும். ஆனால் 20%-இல் தொடங்கிய பங்கு 80, 20, 80 என்று ஊசலாடிக்கொண்டே இருக்கும்.