ஃபிக்ஸட் வட்டிக்கு மாறக் கடிதம் எழுதும்போது செய்யக்கூடாத தவறுகள்

“என் வீட்டுக் கடனை ஃபிக்ஸட் வட்டிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.” பலர் வங்கியில் கொடுக்கும் கடிதத்தில் இந்த ஒரு வரிதான் இருக்கும். எத்தனை சதவீதம், எத்தனை வருஷத்துக்கு, கட்டணம் எவ்வளவு என்று எதுவும் தெரியாமலே சம்மதம் எழுதிக் கொடுத்தாயிற்று. ‘கன்வர்ஷன்’ என்று மட்டும் எழுதுவது இன்னும் மோசம். ஃப்ளோட்டிங் கடனிலேயே வட்டியைக் குறைத்துத் தருவதற்கும் பல இடங்களில் அதே பெயர்தான்.

முதல் கடிதம் கேள்விக் கடிதமாகவே இருக்கட்டும்:

“கடன் எண் ____. ஃப்ளோட்டிங்கிலிருந்து ஃபிக்ஸட் வட்டிக்கு மாறினால் வட்டி விகிதம், அது மாறாமல் இருக்கும் காலம், ஜிஎஸ்டி உட்பட மொத்தக் கட்டணம், புதிய இஎம்ஐ, முன்கூட்டி அடைத்தால் கட்டணம் ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்கவும். இது மாற்றத்துக்கான சம்மதம் அல்ல.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்.

பதில் வந்ததும் பலர் கட்டணத்தை மட்டும் பார்த்து “பதினேழாயிரம்தானே” என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அசல் பாக்கி 30 லட்சம், இன்னும் 15 வருஷம். இப்போது 8.5%, ஃபிக்ஸட் 9.25%. கட்டணம் 0.5% என்றால் 15,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்து 17,700. இஎம்ஐ சுமார் 29,540-லிருந்து 30,880 ஆகும்.

இந்த ஃபிக்ஸட் வட்டி மூன்று வருஷம் மாறாது என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தை அந்த மூன்று வருஷத்துக்குப் பங்கிட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 0.2% வருகிறது. ஆக, அந்த மூன்று வருஷமும் ஃப்ளோட்டிங் வட்டி சராசரியாக 9.45%-ஐத் தாண்டினால்தான் மாறியது லாபம். வட்டி படிப்படியாக ஏறினால், சராசரி அவ்வளவு வர மூன்றாம் வருஷ முடிவில் 10.4%-ஐத் தொட வேண்டும். ஏறவே ஏறாது என்று சொல்லவில்லை; 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ வட்டி 4%-லிருந்து 6.5% ஆனது. ஆனால் அந்த உச்சத்தில் பயந்து மாறியவர்களுக்கு 2025-ல் வந்த வட்டிக் குறைப்பு கிடைக்கவில்லை. ஏறி முடிந்த பிறகு மாறுவதுதான் இதில் பெரிய தவறு.

‘ஃபிக்ஸட்’ என்றால் கடன் முடியும்வரை என்றும் நினைக்காதீர்கள். மூன்று அல்லது ஐந்து வருஷத்தில் வட்டியைத் திருத்தும் ‘ரீசெட்’ விதி ஒப்பந்தத்தில் இருக்கலாம். தனிநபரின் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் கிடையாது. ஃபிக்ஸட்டுக்கு மாறினால் அந்தச் சலுகை போய்விடக்கூடும். இரண்டு வருஷத்தில் நிலம் விற்ற பணமோ பிஎஃப் பணமோ வரப்போகிறது என்றால் இதுவே கணக்கைத் தலைகீழாக்கிவிடும்.

“ரிசர்வ் வங்கி விதிப்படி மாற்றித்தான் ஆக வேண்டும்” என்றும் எழுத வேண்டாம். 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கை அந்த வாய்ப்பைத் தரச் சொன்னது உண்மை. 2025 அக்டோபர் முதல் தருவதும் தராததும் வங்கியின் விருப்பம். கட்டணம் எவ்வளவு என்று உங்கள் அனுமதிக் கடிதத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து, இப்போது கேட்கும் தொகை அதோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். கட்டணச் சதவீதம் முதலில் வாங்கிய கடன் தொகைக்கா, இன்றைய பாக்கிக்கா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.